தமிழாசிரியர் எழுதக்கூடிய மின்னூல்: யுபிஎஸ்சி கட்டாயத் தமிழ்த் தாள்

கேள்வி: டெல்லியில் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை வைத்து, தேர்வு எழுதுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும்படி சின்னதாக ஒரு மின்னூல் எழுத ஆசை. எந்தத் தலைப்பை எடுக்கலாம்?

பதில்:

வணக்கம் டீச்சர். நான் பல ஆண்டுகளாகப் போட்டித் தேர்வுக் கையேடுகளுக்குப் பதிப்பு வேலை பார்க்கிறேன். உங்கள் அனுபவத்துக்கு நான் சொல்லும் தலைப்பு ஒன்றுதான். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் கட்டாயத் தமிழ்த் தாள். அதிலும், தமிழில் எழுதி வருடக்கணக்காகிவிட்டவர்களுக்கு மட்டும்.

தமிழாசிரியருக்கு முதலில் தோன்றக்கூடிய வேறு சில தலைப்புகளை ஏன் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். டிஎன்பிஎஸ்சி தமிழுக்கு வாங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றிலிருந்து எடுத்த குறிப்புகளும் ஒவ்வொரு டெலிகிராம் குழுவிலும் கொட்டிக் கிடக்கின்றன. யுஜிசி நெட் தமிழும் யுபிஎஸ்சி விருப்பப்பாடத் தமிழ் இலக்கியமும் கடல். அங்கே பல ஆண்டு வகுப்பெடுத்தவர்கள் இருக்கிறார்கள், சின்ன நூலுக்கு இடமில்லை. சிடெட் தேர்வில் தமிழை மொழித்தாளாக எடுப்பவர்களுக்குக் கற்பித்தல் முறை பற்றி எழுதலாம், அதை இரண்டாவது நூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயத் தமிழ்த் தாளுக்கு வருவோம். அது 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 25 விழுக்காடு, அதாவது 75 எடுத்தால் போதும், தரவரிசையில் இந்த மதிப்பெண் சேராது. ஆனால் அந்த 75 வராவிட்டால் கட்டுரை, பொது அறிவு, விருப்பப்பாடம் என்று மற்றத் தாள்களில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அவை கணக்கில் வராது. ஒரு வருட உழைப்பு முழுவதும் இந்த ஒரு தாளில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பயம்தான் காசு கொடுத்து வாங்க வைக்கும். ‘தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று எல்லாரும் தள்ளிப்போடும் தாள் என்பதால் இதற்கு உருப்படியான தனி நூல்களும் குறைவு.

யார் வாங்குவார்கள் என்பதை இங்கேயே சரியாகப் பிடித்துவிட வேண்டும். டெல்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியையும் தேர்வர் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பள்ளியில் இந்தி படித்தவர்கள் இந்தித் தாளையே எழுதிவிடுவார்கள். உங்கள் வாசகர், தமிழ்நாட்டில் ஆங்கில வழியில் படித்து, பத்தாவதோடு அல்லது பன்னிரண்டாவதோடு தமிழை விட்டு, பொறியியல் முடித்து, இப்போது ஓல்ட் ராஜிந்தர் நகரில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு படிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர். தமிழில் பேசுவார், படம் பார்ப்பார், செய்தி படிப்பார். பேனா பிடித்துத் தமிழ் எழுதி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். வாட்ஸ்அப்பில்கூட ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிப்பார்.

சந்தை சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023இல் நாடு முழுவதும் முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்களே 14,624 பேர். அதில் தமிழ்த் தாள் எழுதுகிறவர்கள் ஒரு சிறு பகுதி. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்த குழுக்களில் இருப்பவர்கள், ஒருவருக்குப் பயன்பட்டால் அறைத்தோழர்களுக்கும் தெரிந்துவிடும். முதல் ஆண்டில் நூறு பிரதி போனால் அதை நல்ல தொடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, நூல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இதைத் தேர்வு அட்டவணையே சொல்லிவிடுகிறது. 2023இல் பொது அறிவுத் தாள்கள் செப்டம்பர் 17ஆம் தேதி ஞாயிறோடு முடிந்தன. மொழித் தாள்கள் 23ஆம் தேதி சனிக்கிழமை, மறுநாளே விருப்பப்பாடம். 2024இலும் இதே அமைப்புதான், 22ஆம் தேதிக்குப் பிறகு 28. நடுவில் கிடைக்கும் ஐந்து நாளை எந்தத் தேர்வரும் விருப்பப்பாடத்துக்குத்தான் கொடுப்பார். தமிழுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே பெரிது. ஆகவே அறுபது எழுபது பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். தொல்காப்பியம், நன்னூல், யாப்பு எதுவும் வேண்டாம். உங்களுக்கு மனம் கேட்காது என்று தெரியும், ஆனாலும் வேண்டாம்.

நூலின் முதுகெலும்பு அந்த 75தான். தாளின் அமைப்பு அண்மை ஆண்டுகளில் இப்படி இருக்கிறது: நான்கு தலைப்பில் ஒன்றைப் பற்றி 600 சொல்லில் கட்டுரை, 100 மதிப்பெண். பத்தியைப் படித்து ஐந்து கேள்விக்கு விடை, 60. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைதல், 60. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 20, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு 20. மரபுத்தொடர், பிழைதிருத்தம் போன்ற இலக்கணப் பயன்பாடு 40.

இதை வைத்து முதல் அத்தியாயத்திலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்தி வினாவில் விடை பத்திக்குள்ளேயே இருக்கிறது, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் 60க்கு 35 எடுக்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலம் என்பது ஆங்கில வழியில் படித்தவருக்கு வசதியான வேலை, 12 வரும். இதுவே 47. சுருக்கி வரைதலை முறையாகச் செய்தால் 20, ஆக 67. கட்டுரை சுமாராக இருந்தாலும் 25 வந்தால் 92. இலக்கணத்தில் ஒன்றுமே வராவிட்டாலும் கரையேறிவிடலாம். இவை நான் சற்றுக் குறைத்தே போட்ட மதிப்பீடுகள். உங்கள் திருத்தும் அனுபவத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பார்த்ததும், எந்த வரிசையில் எழுத வேண்டும், எதில் நேரத்தைக் கொட்டக் கூடாது என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

அப்படியானால் எங்கே விழுகிறார்கள்? பெரும்பாலும் நேரத்தில். கட்டுரைக்கு 600 சொல், மற்றவை எல்லாம் சேர்த்து இன்னோர் அறுநூற்றுச் சொச்சம் என்று வைத்தால், மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,250 சொல் கையால் எழுத வேண்டும். நிமிடத்துக்கு எட்டுச் சொல்தான் வருகிறது என்றால் எழுதவே 156 நிமிடம் போய்விடும். படிக்கவும் யோசிக்கவும் மிஞ்சுவது 24 நிமிடம். அதே ஆள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் எழுதினால் 104 நிமிடத்தில் முடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பார். ஆகவே இரண்டாவது அத்தியாயம் ‘எழுத்து வேகம்’ என்றே இருக்கட்டும். பத்து நிமிடம் கடிகாரம் வைத்து, எதையும் பார்க்காமல் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்தால் தன் நிலைமை அவருக்கே தெரியும். ஐந்து நாளுக்கு ஐந்து பயிற்சிப் பத்தி போதும், ஆனால் ‘ஞ’, ‘ணை’, ‘றோ’, ‘க்ஷ’ போல கை தயங்கும் எழுத்துகள் அதில் அடிக்கடி வரும்படி நீங்களே எழுதித் தாருங்கள். எந்த எழுத்தில் கை நிற்கும் என்று வகுப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். நான் பார்த்தவரை இதை எந்தப் பயிற்சி மையமும் செய்வதில்லை.

நூலில் அதிக இடம் கொடுக்க வேண்டிய பகுதி சுருக்கி வரைதல். அறுபது மதிப்பெண், சொல்லிக்கொடுத்தால் சட்டென்று முன்னேற்றம் தெரியும் பகுதியும் இதுதான். எப்படிச் செய்யலாம் என்று ஒரு சின்ன மாதிரி காட்டுகிறேன். இந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், 48 சொல்:

‘டெல்லியில் கோடைக் காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுவது ஒவ்வோர் ஆண்டும் வாடிக்கையாகிவிட்டது. யமுனையில் நீர்வரத்து குறைகிறது. நிலத்தடி நீரோ ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருக்கிறது. மழை பெய்யும் சில வாரங்களில் கிடைக்கும் நீரைச் சேமிக்க வழியில்லாமல் அது சாக்கடையில் கலந்து ஓடிவிடுகிறது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த படிக்கிணறுகளும் குளங்களும் இன்று குப்பைமேடுகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. அவற்றை மீட்டெடுத்து மழைநீரைத் தேக்கினால் தட்டுப்பாடு பெருமளவு குறையும்.’

16 சொல்லில் சுருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் மேலிருந்து வரிவரியாகக் கத்தரித்துக்கொண்டே வருவார்:

‘டெல்லியில் கோடைக் காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுவது வாடிக்கையாகிவிட்டது. யமுனையில் நீர்வரத்து குறைகிறது. நிலத்தடி நீரும் கீழே போகிறது.’

இதற்கே 14 சொல் ஆகிவிட்டது. மழைநீர் வீணாவது, குளங்கள் அழிந்தது, தீர்வு எல்லாமே வெளியே நிற்கின்றன. மூலத்தின் வாக்கியங்களையே எடுத்து வைத்ததால் சொந்த நடை என்பதற்கும் மதிப்பெண் போச்சு. இப்படிப்பட்ட சுருக்கத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மூலப் பத்தியின் கடைசி வாக்கியம் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் வரிவரியாகத்தான் வெட்டியிருக்கிறார்.

சரியான வழி, முதலில் பத்தியை மூன்று கேள்வியாகப் பிரிப்பது. என்ன சிக்கல், எதனால், என்ன செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் இரண்டு மூன்று சொல் மட்டும் குறித்துக்கொண்டு, மூலத்தைக் கையால் மூடிவிட்டு எழுத வேண்டும்:

‘யமுனையும் நிலத்தடி நீரும் குறைவதால் டெல்லியில் கோடைதோறும் நீர்த்தட்டுப்பாடு நிலவுகிறது. அழிந்த நீர்நிலைகளை மீட்டு வீணாகும் மழைநீரைத் தேக்கினால் அது தணியும்.’

சரியாக 16 சொல். இதில் உண்மையான வேலையைச் செய்வது பெயரெச்சம்தான். ‘நீரைச் சேமிக்க வழியில்லாமல் அது சாக்கடையில் கலந்து ஓடிவிடுகிறது’ என்பது ‘வீணாகும் மழைநீர்’ ஆகிறது. ‘படிக்கிணறுகளும் குளங்களும் இன்று குப்பைமேடுகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன’ என்பது ‘அழிந்த நீர்நிலைகள்’ ஆகிறது. முழு வாக்கியத்தைப் பெயருக்கு முன்னால் ஒரே சொல்லாக மடக்கி வைக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. பெயரெச்சம் என்ற பெயரை மாணவர் மறந்திருப்பார், பரவாயில்லை. ‘எந்த வாக்கியத்தை ஒரு சொல்லாக மடக்கலாம்?’ என்று கேட்டுப் பழக்கினால் போதும். இப்படி எட்டுப் பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோசமான சுருக்கம், ஒரு நல்ல சுருக்கம், நடுவில் உங்கள் சிவப்பு மைக் குறிப்பு. இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே நூலை வாங்குவார்கள்.

பத்திகளை நீங்களே எழுதுங்கள். பத்திரிகைக் கட்டுரையையோ பாடநூலையோ எடுத்துப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். வேண்டுமென்றால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களிலிருந்து எடுக்கலாம். பழைய வினாத்தாள்களை அப்படியே தொகுத்துப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். அவை யுபிஎஸ்சி தளத்திலேயே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன, வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார்.

மொழிபெயர்ப்புக்குக் கொஞ்சம் இடம் போதும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே வகை. ‘வறுமை, எது பல காரணங்களால் உண்டாகிறதோ, அது அரசால் ஒழிக்கப்பட வேண்டும்’ என்று எழுதுவார்கள். ‘பல காரணங்களால் உண்டாகும் வறுமையை அரசு ஒழிக்க வேண்டும்’ என்று மாற்றிக் காட்டுங்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அதே பெயரெச்சம்தான் காப்பாற்றுகிறது. சுருக்கி வரைதலில் கற்றது இங்கே இரண்டாவது முறை பயன்படும், அதனால் அத்தியாயங்களை அடுத்தடுத்து வையுங்கள்.

கட்டுரைக்கு இவர்களிடம் கருத்துப் பஞ்சம் கிடையாது. பொது அறிவுத் தாளுக்காகப் படித்தது தலை நிறைய இருக்கும், தமிழில் அதற்குச் சொல் இல்லாமல்தான் திணறுவார்கள். பணவீக்கம், நிதிப் பற்றாக்குறை, கூட்டாட்சி, பல்லுயிர்ப் பெருக்கம், நீடித்த வளர்ச்சி, நகரமயமாதல், விளிம்புநிலை மக்கள் என்று, கட்டுரைத் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் துறைகளுக்கு நூற்றைம்பது சொல் தந்தால் போதும். தனித்தனிச் சொல்லாகப் பட்டியல் போடாமல், ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துத் தாருங்கள். வாக்கியத்தோடு நினைவில் இருந்தால்தான் தேர்வறையில் கைக்கு வரும்.

பிழைகள் பற்றிய அத்தியாயம்தான் உங்கள் சொத்து. எல்லா ஒற்றுப்பிழை விதியையும் சொல்லப் போகாதீர்கள். திருத்துகிறவர் கண்ணில் உடனே படும் ஏழெட்டு மட்டும் எடுங்கள். ‘திட்டங்கள் உள்ளது’ என்று எழுதுவது முதலிடம், ‘உள்ளன’ என்று வர வேண்டும். ‘அதை செய்ய’ என்பதை ‘அதைச் செய்ய’ என்று மாற்றும் இரண்டாம் வேற்றுமை ஒற்று. ‘முயர்ச்சி’, ‘வாள்க்கை’ போல ர-ற, ள-ழ மயக்கம். ‘பண்ணனும்’, ‘இருக்குது’ என்று பேச்சு வழக்கு நழுவி விழுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஐந்து வரிப் பயிற்சி. மிச்சத்தை விட்டுவிடுங்கள். 75 வேண்டியவருக்கு அது தேவையில்லை.

வடிவம் பற்றி ஒன்று. கிண்டிலில் தமிழ் நூல் வெளியிட வசதி இருக்கிறது, ஆனால் இந்த நூலுக்கு நான் பிடிஎஃப் வடிவத்தையே சொல்வேன். இவர்கள் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பேனாவால் எழுதிப் பழகுவார்கள். அதனால் வலப்பக்கம் மூன்று விரல் அகலம் ஓரம் விடுங்கள், பயிற்சிக்குக் கோடு போட்ட பக்கம் வையுங்கள், சிவப்பு மைத் திருத்தங்கள் கறுப்பு வெள்ளை அச்சிலும் தெரியும்படி அடிக்கோடோடு போடுங்கள். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் வாங்கியவரால் கைப்பேசியில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

பிடிஎஃப் என்றால் டெலிகிராமில் சுற்றும், அதைத் தடுக்க முடியாது. அதனால் நகலெடுக்க முடியாத ஒன்றை நூலோடு சேர்த்து விற்க வேண்டும். வாங்குகிறவர் எழுதிய ஒரு சுருக்கத்தையும் ஒரு கட்டுரையையும் நீங்கள் திருத்தி அனுப்புங்கள். 199 ரூபாய்க்கு நூல் மட்டும், 499க்கு இரண்டு விடைத்தாள் திருத்தத்தோடு என்று வைக்கலாம். ஒரு விடைத்தாளுக்கு இருபது நிமிடம் ஆகும் என்று கணக்குப் பண்ணி, எத்தனை பேருக்கு ஒத்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முதல் ஆண்டு முப்பது பேர் போதும். அறுபது விடைத்தாள், இருபது மணி நேர வேலை.

முழுவதும் எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடுங்கள். சுருக்கி வரைதல் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதி, தெரிந்தவர் மூலம் ராஜிந்தர் நகரிலோ கரோல் பாக்கிலோ தங்கிப் படிக்கும் ஐந்தாறு பேருக்கு இலவசமாகக் கொடுங்கள். ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்துக்கு வந்துபோகிறவர்களிடம் கேட்டாலே யாராவது அகப்படுவார்கள். ‘ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்’ என்று செய்தி மட்டும் அனுப்பினால் அதை நம்பாதீர்கள். பயிற்சியை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறார்களா, ‘மொழிபெயர்ப்புக்கும் இதே மாதிரி இருக்கா?’ என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். ஆறு பேரில் மூன்று பேர் எழுதி அனுப்பினால் நூலைத் தொடங்கலாம். ஒருவரும் எழுதவில்லை என்றால் உங்கள் பத்திகள் நீளமாக இருக்கின்றன, அல்லது விளக்கம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது என்று பொருள். பாதியாகக் குறைத்து மறுபடி கொடுங்கள். அவர்கள் அனுப்பும் விடைத்தாள்களையே, அனுமதி வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, நூலில் மாதிரியாகப் பயன்படுத்தலாம். நாமாக இட்டுக்கட்டும் பிழையைவிட உண்மையான பிழை வாசகரை உடனே பிடிக்கும்.

வெளியிடும் நேரம் முதல்நிலைத் தேர்வின் முடிவு வரும் வாரம். அதற்கு முன்னால் யாரும் இந்தத் தாளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிவு வந்ததும் முதன்மைத் தேர்வுக்குச் சுமார் மூன்று மாதமோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும், கேள்வி கேட்கத் தொடங்குவது அப்போதுதான். 2025இல் முதல்நிலை மே 25ஆம் தேதி, முதன்மைத் தேர்வு ஆகஸ்ட் 22இல் தொடங்கிவிட்டது. ஆகவே ஏப்ரலுக்குள் நூல் தயாராக இருக்கட்டும். சோதனைப் பிரதியைத் தீபாவளிக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

முதல் நான்கு பக்கம் எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள் டீச்சர், பார்த்துச் சொல்கிறேன்.